பதினான்கு நாற்பது

அலுவலகத்தில் அவளைத் தேதியக்கா என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. முன்பு ஒரு அச்சகத்தில் பதினாறு வருடம் பக்கம் வடிவமைத்தபோது அங்கே அவளுக்குப் ‘புள்ளி’ என்று பெயர். எழுத்தின் அளவைச் சொல்லும் புள்ளிக் கணக்கில் அரை கூடியிருந்தாலும் எட்டி நின்றே சொல்லிவிடுவாள். அச்சகம் மூடியபின் ஒரு வருடம் வீட்டில் இருந்தாள். பிறகு இந்த வேலை வந்தது.

ஒரு ஆவணம் பிறகு திருத்தப்பட்டதா இல்லையா என்று பார்த்துச் சொல்லும் அலுவலகம் அது. இரண்டே அறை. முன்னறையில் முதலாளி, பின்னறையில் அவள். வக்கீல்கள் அனுப்புவார்கள், பல்கலைக்கழகங்கள் அனுப்பும், சில சமயம் கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டாரும் அனுப்புவார்கள்.

“மாப்பிள்ளையோட டிகிரி உண்மைதான். ஆனா போட்டோவுலதான் பத்து வயசு குறைச்சிருக்காங்க. அதுக்குத் தனி ரிப்போர்ட் வேணுமான்னு கேளுங்க சார்,” என்பாள்.

“அதைக் கேட்டா கல்யாணம் நின்னுடும்க்கா.”

“நின்னா நிக்கட்டுமே. நமக்கென்ன, நாம பந்தியிலயா உக்காரப் போறோம்?”

முதலாளி அவளைவிடப் பத்து வயது சின்னவன். அவளை அக்கா என்றும், அவள் அவனை சார் என்றும் அழைத்துக்கொண்டு பதினோரு வருடம் ஓடியிருந்தது. கம்ப்யூட்டர் படித்தவன். கோப்புக்குள் இருக்கும் விவரங்களை எடுத்து அட்டவணையாகத் தரும் சிறு நிரலை அவனே எழுதியிருந்தான். யார் உருவாக்கியது, எந்த மென்பொருளில், எப்போது, கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, எந்தெந்த எழுத்துருக்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே பக்கத்தில், கோடு போட்ட கட்டங்களில் வரும். அதைப் பார்த்துத்தான் அவள் அறிக்கை எழுதுவாள்.

கணவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. தூக்கத்தில் போய்விட்டார். பெரிய மருத்துவமனை ஒன்றில் வார்டு குமாஸ்தாவாக இருந்தவர். அலுவலகத்தில் அவரைப் பற்றிப் பேச நேர்ந்தால் ‘எங்க வீட்டுக்காரர்’ என்பாள். பெயர் சொல்லும் சந்தர்ப்பம் வந்ததில்லை. முதலாளிக்கு அவர் பெயர் தெரியாது.

செவிலியர் மன்றத்திலிருந்து அந்தக் கோப்பு ஒரு திங்கட்கிழமை மின்னஞ்சலில் வந்தது. ஒரே பக்கம். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு நாள், மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது வார்டில் எழுதப்பட்ட ஒப்படைப்புக் குறிப்பு. நோயாளிகள் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரி. ஆறாவது வரியில், பன்னிரண்டாம் கட்டிலில் இருந்த பஸ் கண்டக்டருக்கு ஒரு ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாது, போடக் கூடாது என்று இருந்தது. மதியம் மூன்று மணிக்கு அதே ஊசி அவருக்குப் போடப்பட்டது. நாலரைக்கு அவர் இறந்துபோனார். வயது முப்பத்து நான்கு.

ஊசி போட்ட நர்ஸ், தான் படித்தபோது அந்த ஆறாவது வரி குறிப்பில் இல்லவே இல்லை என்றாள். இருந்தது, ஊசிக்கு முன்பே சேர்த்துவிட்டோம் என்றது மருத்துவமனை. அச்செடுத்த தாளைக் காணவில்லை. கணினியிலிருந்த பிடிஎஃப் மட்டும் மிச்சம். நர்ஸின் பதிவு முதலில் நிறுத்தி வைக்கப்பட்டது; இப்போது நிரந்தரமாக நீக்குவதா வேண்டாமா என்று விசாரணை. வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை வேண்டும்.

முதலாளி அட்டவணையை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்தான்.

“இது ரொம்ப சிம்பிள்க்கா. டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடலாம்.”

“நீங்க சிம்பிள்னு சொன்னதெல்லாம் மூணு நாள் இழுத்திருக்கு.”

“பாருங்க. உருவானது பதினாலு அஞ்சு. மதியம் ரெண்டு அஞ்சு. திருத்தினது அதே நாள், பதினாலு நாப்பது. ஊசி போட்டது மூணு மணிக்கு. அப்ப ஊசிக்கு இருபது நிமிஷம் முன்னாடியே அந்த வரியைச் சேர்த்துட்டாங்க. நர்ஸ் சரியா பாக்கல. அவ்வளவுதான்.”

“இன்னிக்குத் தேதி ஒண்ணு இருக்கே இங்க?”

“அது மெயில்லருந்து நாம இறக்கி வெச்ச நேரம்க்கா. பெட்டியை மாத்தினா ஒட்டற லேபிள் மாதிரி. அதுக்கு மதிப்பில்ல, உங்களுக்குத் தெரியாதா?”

அவளுக்குத் தெரியும். கேட்டது வேறு எதற்கோ. அவள் கண் இரண்டாவது கட்டத்தில் இருந்தது. ஆசிரியர் என்ற தலைப்புக்குக் கீழே அவள் கணவரின் பெயர் இருந்தது. தகப்பன் பெயரின் முதல் எழுத்தோடு, அவர் எப்போதும் எழுதுவதுபோல இடையில் புள்ளி வைக்காமல்.

“நல்லாத்தானே இருக்கீங்க?” என்றான் முதலாளி.

“டீ ஆறிப்போச்சு. வேற சொல்லுங்க.”

அவன் போனபின் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தக் கட்டத்துக்கு அதிக அர்த்தமில்லை என்பது அவளுக்குத் தெரியும். கணினியில் யார் பெயர் பதிந்திருக்கிறதோ அந்தப் பெயர் தானாக ஏறிக்கொள்ளும். வேலையை விட்டுப் போனவர்கள், இறந்தவர்கள் எல்லாம் வருடக்கணக்கில் புதுப்புதுக் கோப்புகளுக்கு ஆசிரியராக இருப்பார்கள். இதை அவளே பலருக்குச் சிரித்துக்கொண்டு விளக்கியிருக்கிறாள். அந்தக் கட்டத்தை மறைத்தால் மற்றதைப் பார்க்க முடியும் என்று ஒரு துண்டுத் தாளைத் திரையில் ஒட்டினாள். தாளின் வழியே வெளிச்சம் வந்தது. பெயரும் வந்தது.

எழுத்துருக்களைப் பார்த்தாள். பட்டியலில் இரண்டு இருந்தன. ஏரியல், லிபரேஷன் சான்ஸ். இரண்டும் அகலத்தில் ஒன்று. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் வரி நகராது, பார்ப்பவருக்குத் தெரியாது. பக்கத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்த்தாள். ஆறாவது வரி மட்டும் லிபரேஷன். பிடிஎஃப் ஒரு எழுத்துருவைத் தனக்குள் வைத்துக்கொள்ளும்போது பெரும்பாலும் முழுவதையும் வைப்பதில்லை. பயன்பட்ட எழுத்துகளின் வடிவங்களை மட்டும் எடுத்து வைக்கும். லிபரேஷன் பொட்டலத்தில் இருபத்தொரு வடிவங்கள் இருந்தன. எண்ணிப் பார்த்தாள். அந்த ஒரு வரியை எழுத இருபத்தொன்று போதும். ஒன்று கூட மிச்சமில்லை.

ஆக, வரி பிறகு சேர்க்கப்பட்டது. அதை மருத்துவமனையும் மறுக்கவில்லை. எத்தனை மணிக்கு என்பதுதான் கேள்வி.

உருவாக்கிய மென்பொருள் வேர்ட். கடைசியாக எழுதிய மென்பொருள் வேறு. இணையதளம் ஒன்றின் பெயர் இருந்தது. கோப்பை ஏற்றினால் அங்கேயே திருத்தித் திரும்ப இறக்கிக்கொள்ளலாம் என்கிற மாதிரியான தளம். தூரத்தில் எங்கோ இருக்கும் கணினி. அதனிடம் ஏரியல் இருக்காது. அதற்குப் பதில் லிபரேஷனைப் போட்டிருக்கும். அது பொருந்தியது. அப்படியென்றால் திருத்திய நேரத்தை எழுதியதும் அந்தக் கணினிதான். அதன் கடிகாரம் எந்த ஊர்க் கடிகாரம்?

முதலாளியின் அட்டவணையில் நேரம் மட்டும் இருந்தது. அவள் அட்டவணையை மூடிவிட்டு, கோப்பை வெறும் எழுத்தாகத் திறந்தாள். பாதிக்கு மேல் புரியாத கிறுக்கல். அதற்கிடையே தேடி அந்த இரண்டு வரிகளைக் கண்டுபிடித்தாள். உருவான நேரத்தின் வாலில் கூட்டல் குறியும் ஐந்தும் முப்பதும் இருந்தன; அதாவது உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கும் உள்ளூர் நேரம். திருத்திய நேரத்தின் வாலில் அவை இல்லை. ‘Z’ என்ற ஒற்றை எழுத்து இருந்தது. பொது நேரத்தைக் குறிக்கும் எழுத்து.

முதலாளியின் நிரல் கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று வாலை வெட்டியிருந்தது.

பொது நேரம் பதினான்கு நாற்பது என்றால் இங்கே இரவு எட்டு பத்து. கண்டக்டர் இறந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவள் துண்டுத் தாளை எடுத்துவிட்டாள்.

அந்தத் தேதி அவளுக்கு மறந்திருக்க வழியில்லை. மகள் மேற்படிப்புக்கு வெளிநாடு போன நாள் அது. சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். அவருக்கு இரண்டு மணிக்கே ஷிப்ட் முடிந்துவிடும். மூன்றுக்கு வந்துவிடுகிறேன் என்று போனவர் ஐந்து மணிக்குப் போன் செய்து, “ஒரு வேலை வந்துடுச்சு, நீங்க போங்க, நான் நேரா அங்க வந்துடறேன்,” என்றார். வரவில்லை. விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போனபிறகும் மகள் மூன்று முறை திரும்பிப் பார்த்தாள். பார்த்தது அம்மாவை அல்ல.

ஒன்பதரைக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் குளித்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார். திட்டுவதற்கு அவள் வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். “போய்ட்டாளா?” என்று கேட்டார். “போய்ட்டா,” என்றாள். அதோடு முடிந்தது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் அவள் அறிக்கையைத் தொடவில்லை. வேறு கோப்புகளைப் பார்த்தாள். மதியம் முதலாளி எட்டிப் பார்த்தான்.

“நர்ஸ் கேஸ் முடிஞ்சதா?”

“பாத்துட்டிருக்கேன்.”

“நான் பாதி எழுதி உங்க மேஜையில வெச்சிருக்கேன். கையெழுத்து மட்டும் போடுங்க.”

எழுதித்தான் வைத்திருந்தான். திருத்தம் பதினான்கு நாற்பதுக்குச் செய்யப்பட்டுள்ளது. இது சம்பவத்துக்கு முந்தையது. கீழே அவள் பெயரும் கோடும்.

யாரும் கேட்கப் போவதில்லை. பதினோரு வருடமாக அந்த அட்டவணையை யாரும் கேள்வி கேட்டதில்லை. கையெழுத்துப் போட்டால், அவர் இரண்டு நாற்பதுக்கு விட்டுப்போன ஒரு வரியைச் சேர்த்த கவனமான குமாஸ்தா. கவனமில்லாதவள் அந்த நர்ஸ். போடாவிட்டால், ஒரு ஆள் இறந்தபின் எட்டு பத்துக்கு யாரோ உட்கார்ந்து அந்த வரியைச் செருகியிருக்கிறார்கள். யாரோ.

யாரோ என்றே அவள் வைத்துக்கொண்டிருக்கலாம். பெரிய டாக்டராக இருக்கலாம், கண்காணிப்பாளராக இருக்கலாம். அவர் பெயரில் இருந்த கணினி அது. யார் வேண்டுமானாலும் முன்னால் உட்காரலாம். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் ஒரு கேள்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. எதற்காக அந்தத் தளத்துக்குப் போனார்கள்? வேர்டில் அந்த வரியைச் சேர்த்து மறுபடியும் பிடிஎஃப் போட்டிருக்கலாமே. வார்டில் எல்லோருக்கும் தெரிந்தது அதுதான்.

அப்படிப் போட்டால் புதிதாக ஒரு உருவான நேரம் வந்துவிடும். அது தெரிந்தவர்தான் பழைய பிடிஎஃப்பையே எடுத்துத் திருத்தியிருக்கிறார். வார்டில் அது யாருக்குத் தெரியும்?

சாப்பிடும்போது கணவரிடம் அவள்தான் சொன்னாள். வேலையில் சேர்ந்த புதிது. தினமும் கதை இருந்தது. ஒரு ஆள் பழைய தேதியில் ஒரு கடிதம் தயாரித்து மாட்டிக்கொண்ட கதை. “முட்டாப்பய, புதுசா பிடிஎஃப் போட்டிருக்கான். உருவான நேரம் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. பழைய ஃபைல்ல கை வெச்சிருந்தாலாவது கொஞ்ச நேரம் ஓட்டியிருப்பான்.” அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு ஆர்வமாகக் கேட்டார். “அப்படிப் பண்ணினா கண்டுபிடிக்க முடியாதா?” “முடியும். அது வேற வழி,” என்று கை கழுவ எழுந்துவிட்டாள். எழுத்துருவைப் பற்றிச் சொல்லவில்லை. நேரத்தின் வாலைப் பற்றி அப்போது அவளுக்கே சரியாகத் தெரியாது.

மகள் போன நாளுக்குப் பிறகு அவர் அவளுடைய வேலையைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. ஐம்பது தாண்டிய ஆண்கள் அப்படித்தான் ஆகிவிடுகிறார்கள் என்று அவள் நினைத்தாள்.

புதன்கிழமை காலை அலுவலக மாடிப்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். துணிக்கடைச் சீருடை. மார்பில் கடையின் பெயர் அட்டை.

“நீங்கதான் பாக்குறீங்களாம்மா?”

“என்ன பாக்குறது?”

“என்னோட பேப்பரை.”

யார் என்று புரிந்தது. “இங்க வரக் கூடாதும்மா. பேசக் கூடாது. உனக்குத்தான் கெடுதல்.”

“பேசலம்மா. நான் எதுவும் கேக்க வரல. பாக்குறவங்க யாருன்னு ஒருதடவை பாத்துட்டுப் போகலாம்னு…” எழுந்து வழிவிட்டாள். பிறகு கீழே இறங்கியபடி, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். “அஞ்சு வருஷமா அந்தப் பக்கத்தை மனசுக்குள்ள படிச்சுப் படிச்சு, இப்ப அந்த வரி இருந்த மாதிரியே தெரியுதும்மா. அதான் பயமா இருக்கு.”

அவள் மேலே ஏறினாள். நேராக முதலாளியின் மேஜைக்குப் போனாள்.

“சார், உங்க புரோகிராமைத் திறங்க. நேரம் எடுக்கற இடத்தைக் காட்டுங்க.”

“என்னக்கா காலங்காத்தால?”

“காட்டுங்க.”

அவள் கோப்பை வெறும் எழுத்தாகத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தாள். அவன் பார்த்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தான். அவன் முகம் சிறிது சிறிதாக மாறுவது தெரிந்தது.

“வாலை நான்தான் வெட்டினேன்,” என்றான். “கட்டத்துல அடங்கலைன்னு.”

“எட்டு பத்து சார். ராத்திரி.”

“ஆளு செத்த அப்புறம்.”

“ஆமா.”

“நல்லவேளை பாத்தீங்க. கையெழுத்துப் போட்டிருந்தா அந்தப் பொண்ணு… சரி, நான் மாத்தி எழுதித் தரேன். நீங்க போட்டுடுங்க.”

“நான் போட முடியாது. நீங்க தனியா, உங்க கண்ணால, முதல்லருந்து பாத்து நீங்க போடணும். என் பேரு அதுல எங்கயும் வரக் கூடாது.”

“ஏன்?”

அவள் ஆசிரியர் என்ற கட்டத்தைக் காட்டினாள்.

“அது யாரோ குமாஸ்தா. செத்துப் போயிட்டாருன்னு மன்றத்துலயே எழுதியிருக்காங்க,” என்றான் அவன்.

“எங்க வீட்டுக்காரர்.”

அவன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். அவள் உட்காரவில்லை.

“எப்போ பாத்தீங்க?”

“திங்கக்கிழமை.”

“இன்னிக்கு புதன்.”

“ஆமா சார். ரெண்டு நாள் வெச்சிருந்தேன். அதையும் எழுதிக்குங்க.”

“அக்கா, ஆசிரியர்னு இருந்தா அவர்தான் திருத்தினார்னு அர்த்தமில்ல. நீங்களே எத்தனை பேருக்கு…”

“தெரியும். அதையும் எழுதுங்க. ஆனா எனக்காக எழுதாதீங்க.”

அவன் அன்று முழுக்க முன்னறையில் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி பார்த்தான். எழுத்துரு, மென்பொருள், இரண்டு நேரங்கள். ஒருமுறை கூட அவளை எதுவும் கேட்கவில்லை. தங்கள் ஊழியர் ஒருவருக்கு இதில் உறவு இருப்பதால் அவர் விலக்கப்பட்டார் என்று முதல் பத்தியில் எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு, வேறொரு அலுவலகத்தில் சரிபார்த்துக்கொள்ளும்படி கோப்பையும் இணைத்து வெள்ளிக்கிழமை அனுப்பினான்.

இரண்டு மாதத்தில் நர்ஸுக்குப் பதிவு திரும்பக் கிடைத்தது. மருத்துவமனை தன் விளக்கத்தில், திருத்தம் அப்போதைய வார்டு குமாஸ்தாவால் தன்னிச்சையாக, மேலிடத்துக்குத் தெரியாமல் செய்யப்பட்டது என்றும், அவர் இப்போது உயிருடன் இல்லை என்றும் சொன்னது. பத்திரிகையில் அவர் பெயரைப் புள்ளி வைத்துப் போட்டிருந்தார்கள்.

மகளிடமிருந்து போன் வந்தது. அங்கே விடியற்காலை.

“அம்மா, பேப்பர்ல வந்திருக்கறது நம்ம அப்பாவா?”

“ஆமா.”

“யாரு கண்டுபிடிச்சது?”

“எங்க ஆபீஸ்.”

“ஆபீஸ்னா? நீயா?”

“நான்தான்.”

அங்கே ஏதோ பாத்திரத்தை வைக்கும் சத்தம் கேட்டது.

“அப்பாதான் பண்ணாருன்னு அதுல இருக்கா?”

“இல்ல. யாரு பண்ணாங்கன்னு அதுல இருக்காது. எப்பன்னுதான் இருக்கும்.”

“எப்ப?”

“நீ கிளம்பின அன்னிக்கு. எட்டு பத்துக்கு.”

“நான் உள்ள போன நேரமாம்மா?”

“கிட்டத்தட்ட.”

“நான் அவர்கூட ஆறு மாசம் பேசாம இருந்தேன்மா. வரலன்னு. உனக்குத் தெரியும்ல?” என்றாள் மகள். “யாராவது பண்ணச் சொல்லியிருப்பாங்கள்ல? வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னு மிரட்டியிருப்பாங்க. என் படிப்புக்கு அப்பதான் லோன் போட்டாரு. இல்லம்மா? சொல்லு.”

“இருக்கலாம்.”

“இருக்கலாம்னா? உனக்கு என்ன தோணுது?”

அவளுக்குத் தோன்றியதை மகளிடம் சொல்ல முடியாது. இருட்டில் உட்கார்ந்திருந்த மனிதர் கேட்டதுதான் காதில் இருந்தது. ‘போய்ட்டாளா?’ அதற்குப் பிறகு அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார் என்று இப்போது தோன்றியது. அவள் விளக்கைப் போட்டு, செருப்பைக் கழற்றி, அடுப்படிக்குப் போய்விட்டாள் என்றும் தோன்றியது. அது உண்மையா, பிறகு சேர்ந்த வரியா என்று அவளால் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

“நாளைக்குப் பேசறேன் பாப்பா,” என்றாள்.

அலுவலகத்தில் இப்போது இரண்டு பேரும் பழைய அறிக்கைகளைத் திறந்து பார்க்கிறார்கள். வாலை வெட்டிய அட்டவணையை நம்பி எழுதியவை அறுநூற்றுச் சொச்சம். பெரும்பாலானவற்றில் நேரம் ஒரு பொருட்டே இல்லை. சிலவற்றில் அதுதான் எல்லாம். முதலாளி மேலிருந்து வருகிறான், அவள் கீழிருந்து போகிறாள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முடியும். இதுவரை மூன்றில் அந்த ‘Z’ எழுத்து கிடைத்திருக்கிறது. அந்த மூன்று அறிக்கைகளில் சிக்கியிருந்தவர்களுக்குக் கடிதம் போட்டார்கள். ஒருவருக்குப் போட்ட கடிதம் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது, முகவரியில் ஆள் இல்லை என்று.

அவள் அதை மேஜையில் வைத்துவிட்டு அடுத்த கோப்பைத் திறந்தாள்.